போட்டோ மட்டும் வந்தால்

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, விசா விண்ணப்பத்தை நிரப்பப் போகும் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வார்த்தை இல்லை. அளவும் பின்னணியும் சரியா என்று பார்க்கச் சொல்கிறாளா, மங்கலாக இருக்கும் முகத்தை வெளிச்சமாக்கித் தரச் சொல்கிறாளா?

"எதுக்கும்மா இது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் படத்தைப் பார்த்தேன்.

அளவை முதலில் பார்ப்பதுதான் எளிது, அது வெறும் கணக்கு. அமெரிக்க விசாவுக்குச் சதுரப் படம் வேண்டும். ஒரு பக்கம் 600 பிக்ஸலுக்குக் குறையக்கூடாது, 1200-ஐத் தாண்டக்கூடாது. தாடையிலிருந்து உச்சந்தலை வரை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்க வேண்டும். இவள் படத்தில் தலை 420 பிக்ஸல். அது 60 சதவீதமாக வரும்படி வெட்டினால் 700 பிக்ஸல் சதுரம் கிடைக்கும், போதும். தள்ளி நின்று எடுத்து, தலை 250 பிக்ஸல்தான் இருந்திருந்தால், 50 சதவீதமாக வைத்தாலும் 500-தான் தேறும். அந்தப் படம் ஆகாது.

ஆக, அளவில் குறையில்லை. ஆனால் அவளுடைய இடது காதுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் விழுந்திருந்தது. சுவர் வெள்ளைதான். அவள் அதை ஒட்டி நின்றிருக்கிறாள், வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. வெள்ளைப் பின்னணி வேண்டும் என்ற விதி அங்கேயே அடிபடுகிறது. நான் இரண்டாகப் பிரித்து யோசித்த கேள்வி உண்மையில் ஒன்றுதான்: வெளிச்சம் கோணலாக விழுந்ததால் பின்னணி கெட்டிருக்கிறது.

செயலியில் நிழலை அழித்து, முகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யக்கூடாது. வெட்டலாம், அளவைக் குறைக்கலாம். ஃபில்டர் போட்டோ ரீடச் செய்தோ தோற்றத்தை மாற்றிய படத்தை ஏற்கமாட்டார்கள். பின்னணியை வெட்டி ஒட்டினால் முடியோரம் பிசிறு பிசிறாகத் தெரிந்து, காரியம் காட்டிக்கொடுத்துவிடும். வெளிச்சத்தை எடுக்கும்போதேதான் சரிசெய்ய வேண்டும்.

அவளிடமிருந்து பதில் வந்தது: "சைஸ் ஓகேவா சித்தப்பா?"

எழுதினேன்: "சைஸ் ஓகேம்மா. ஆனா திரும்ப எடுக்கணும். சுவரைவிட்டு மூணு நாலு அடி முன்னால வந்து, ஜன்னலைப் பார்த்து நில்லு. டியூப்லைட்டை அணைச்சிடு, இல்லன்னா கண்ணுக்குக் கீழே நிழல் விழும். கண்ணாடியைக் கழட்டிடு. செல்ஃபி வேண்டாம், அம்மாவை எடுக்கச் சொல்லு. அனுப்பும்போது போட்டோவா அனுப்பாதே, டாக்குமெண்டா அனுப்பு. போட்டோவா வந்தா வாட்ஸ்அப் சுருக்கிடும்."