கார்த்திகை தீபத்துக்கு ஒரு நோட்டீஸ்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் காலனி கேட்டிலும் லிஃப்ட் கதவிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டப்படும்: ‘மாலையில் தீபம் ஏற்றுகிறோம், அனைவரும் வருக.’ எந்த மாலை, எத்தனை மணி, கையில் என்ன கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்காது. அதனால் சிலர் ஐந்தரைக்கே வந்து காத்திருப்பார்கள். சிலர் வரும்போது விளக்கு அணையத் தொடங்கியிருக்கும்.

முதல் குழப்பம் தேதியில்தான். திருவண்ணாமலை மகாதீபம் 2024இல் டிசம்பர் 13, 2025இல் டிசம்பர் 3. பாஞ்சராத்திர முறையைப் பின்பற்றும் பெருமாள் கோயில்களில் தீபம் பெரும்பாலும் அடுத்த நாள் வரும். ஒரே காலனியில் இரு வழக்கத்தாரும் இருப்பார்கள் என்பதால் தேதி, கிழமை, ஆண்டு மூன்றையும் எழுதுவது நல்லது. ஆண்டு இல்லாத நோட்டீஸ் மறு வருடமும் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

நேரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். திருவண்ணாமலையில் மகாதீபம் மாலை 6 மணிக்கு. சென்னையில் அந்த நாட்களில் சூரியன் சுமார் 5.40க்கு மறைகிறது. விளக்கை அடுக்கி, திரி போட்டு, எண்ணெய் ஊற்றவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கூடுவது 5.15, ஏற்றுவது 6.00.

அடுத்தது கணக்கு. நாற்பது வீடுகள், வீட்டுக்கு ஐந்து அகல் என்றால் இருநூறு விளக்குகள். சிறிய அகலுக்கு 20 மில்லி எண்ணெய் வீதம் மொத்தம் 4 லிட்டர். இதைச் சங்கம் ஒன்றாக வாங்குவதைவிட, வீட்டுக்கு 100 மில்லி கொண்டுவரச் சொல்வது எளிது. புது மண் அகல் எண்ணெயைக் குடித்துவிடும். ஏற்றிய சிறிது நேரத்திலேயே திரி கருகினால் காரணம் அதுதான். முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் நோட்டீஸ் இப்படி அமையும்:

*கார்த்திகை தீபம்*
*3.12.2025, புதன்கிழமை*
*கூடுவது: மாலை 5.15, பிள்ளையார் கோயில் முன்*
*தீபம் ஏற்றுவது: சரியாக 6.00*
*கொண்டுவர வேண்டியவை: ஊறவைத்துக் காயவைத்த 5 அகல், 5 பஞ்சுத் திரி, 100 மில்லி நல்லெண்ணெய், அடியில் வைக்க ஒரு பழைய தட்டு*
*மழை வந்தால்: சமுதாயக் கூடம்*
*பருத்தி உடை நல்லது. துப்பட்டா, முந்தானையைச் செருகிக்கொள்ளவும். பைக்குகளை 5 மணிக்குள் நகர்த்திவிடவும்.*
*அகல்களை மறுநாள் காலை எடுத்துச் செல்லவும்.*

மழை வரியை யாரும் விட்டுவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இந்தப் பண்டிகை வருகிறது. தட்டும் வீண் வேலையல்ல. டைல்ஸ் தரையில் எண்ணெய் கசிந்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

நோட்டீஸில் இடம்பெறாத ஒன்றைச் சங்கத்தார் தயாராக வைத்திருக்க வேண்டும்: இரண்டு வாளி மணல். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ தெறித்துப் பரவும்.