பெட்டியில் தொடரும் கோலம்

வாசலில் இடப்படும் சிக்குக் கோலத்திற்கு ஓர் எல்லை உண்டு. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் இழை, ஓரத்தை அடைந்ததும் உள்நோக்கித் திரும்பி, தொடங்கிய இடத்தையே வந்து சேர்கிறது. பெட்டியின் மேல் அச்சிடப்படும் கோலத்தின் இயல்பு வேறு. ஒரு சிறிய சதுரம் பலமுறை அடுத்தடுத்து வருவதால் அது உருவாகிறது. அச்சதுரத்தை அலகு எனலாம். அலகின் ஓரத்தில் இழை முடிந்துவிடாமல், அடுத்த அலகிற்குள் தடையின்றிச் செல்ல வேண்டும்.

கோலத்தை இவ்வாறு சிறு உருக்களின் சேர்க்கையாகக் காணும் ஆய்வு தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் இணைந்து, உருக்களை அடுக்கும் விதிகளை ஓர் இலக்கணமாக வகுத்து 1974இல் வெளியிட்டனர்.

அளவு

கல்வராயன் மலையில் சாமை, தினை முதலிய சிறுதானியங்கள் விளைகின்றன. அத்தினையில் செய்த இனிப்பு உருண்டைகளைக் கள்ளக்குறிச்சியில் விற்க ஒரு பெட்டி தேவைப்படுவதாகக் கொள்ளலாம். அதன் மூடி 20 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உடையது, மூடியின் பக்கங்கள் 4 செ.மீ. உயரமுடையவை. இம்மூன்று எண்களின் மீப்பெரு பொது வகுத்தி 4. எனவே, அலகின் பக்கம் 4 செ.மீ. எனக் கொண்டால், மேற்பரப்பில் நீளவாக்கில் ஐந்தும் அகலவாக்கில் மூன்றுமாகப் பதினைந்து அலகுகள் முழுமையாக அமையும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரிசை அமையும். நீளம் 21 செ.மீ. ஆக இருந்தால், ஐந்து அலகுகளுக்குப் பின் ஓர் அலகின் கால் பகுதி மட்டும் எஞ்சி, கோலம் மூலையில் துண்டுபட்டு நிற்கும்.

ஓரம்

அலகிற்குள் 1 செ.மீ. இடைவெளியில் வரிசைக்கு நான்காக நான்கு வரிசைப் புள்ளிகள் இடப்படுகின்றன. முதல் புள்ளியை ஓரத்தின் மேலேயே வைத்தல் பிழையாகும். அங்குப் புள்ளி ஓரத்தால் இரண்டாக வெட்டுப்படும். ஓரத்திலிருந்து 0.5 செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால், அடுத்த அலகின் முதல் புள்ளிக்கும் இடைவெளி 1 செ.மீ. ஆகவே இருக்கும்.

இவ்வாறு அமைத்தபின், இழை ஓரத்தைக் கடக்கக்கூடிய இடங்கள் ஒவ்வோர் ஓரத்திலும் நான்கு. ஒவ்வோர் இடத்திலும் இழைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம், அன்றித் திரும்பிவிடலாம். முன்னதைத் திறப்பு என்றும் பின்னதை மூடல் என்றும் கூறலாம். வலப்புறம் திறப்பாக உள்ள இடம் இடப்புறமும் திறப்பாக இருத்தல் வேண்டும். மேலோரத்திற்கும் கீழோரத்திற்கும் இதுவே விதி. கடக்கும் சாய்வும் ஒத்திருக்க வேண்டும்; இல்லையேல் இழை அங்கு ஒடிந்தது போலத் தோன்றும்.

தட்டையான தாளுக்கு இவ்விதி போதும். மடித்த பெட்டிக்குப் போதாது. மூலையில் முன்பக்க அலகின் வலது ஓரம், வலப்பக்க அலகின் கீழ் ஓரத்தோடு சேர்கிறது. ஆகவே நான்கு ஓரங்களும் ஒரே வரிசையைப் பெற்றிருக்க வேண்டும். அவ்வரிசை இரு திசையிலிருந்தும் ஒன்றுபோல் அமைய வேண்டும். ‘திறப்பு, மூடல், மூடல், திறப்பு’ என்பது அத்தகைய வரிசை.

வண்ணம்

இப்பெட்டிக்கு இரண்டு மைகளே போதும். தரைக்குக் காவிச் சிவப்பும் புள்ளிகளுக்குத் தினையின் மஞ்சளும் கொள்ளலாம். மூன்றாம் வண்ணமான வெள்ளைக்கு மை இல்லை; இழை செல்லும் இடத்தில் சிவப்பை அச்சிடாமல் விட்டால், அட்டையின் வெண்மையே இழையாகத் தெரியும். இழை மிக மெலிதாக இருந்தால், இருபுறத்திலுள்ள மை பரவி அதனை அடைத்துவிடும். எனவே இழைக்கு 1 மி.மீ. அகலமேனும் தருதல் நன்று.

இரு மைகள் தனித்தனியே அச்சிடப்படுவதால், ஒன்று சற்றே விலகி விழுவது இயல்பு. மஞ்சள் புள்ளி சிவப்பை ஒட்டியிருந்தால், ஒரு பக்கம் வெள்ளைக் கீற்றும் மறுபக்கம் கலங்கிய நிறமும் தோன்றும். புள்ளியைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் விட்டால், சிறு விலகல் அதற்குள் அடங்கிவிடும்.

சோதனை

ஓரங்கள் பொருந்துகின்றனவா என்பதை அச்சகத்திற்குச் செல்லுமுன்னரே அறியலாம். தாளில் வரைந்த அலகை நெடுக்காக இரண்டாக வெட்டி, இட வலத் துண்டுகளை இடம் மாற்றி ஒட்டுதல் வேண்டும். பின்னர்க் குறுக்காக வெட்டி, மேல் கீழ்த் துண்டுகளையும் அவ்வாறே மாற்ற வேண்டும். இப்போது நான்கு ஓரங்களும் நடுவில் வந்து சேர்கின்றன. அறுந்த இழையும் நெருங்கிய புள்ளியும் அங்குத் தெளிவாகத் தெரியும். மூலைகளை இச்சோதனை காட்டாது. அதற்கு மூடியின் முழு உருவையும் தாளில் படியெடுத்து, மடித்துப் பார்த்தல் வேண்டும். நான்கு மூலைகளிலும் இழை அறுபடாமல் திரும்பிச் சென்றால், அலகு அச்சிற்கு ஏற்றதாகும்.