கனத்த கப்பியின் இரண்டு இழுவிசைகள்

கப்பியில் தொங்கும் கயிற்றின் இரு பக்கமும் இழுவிசை சமம் என்று பள்ளியில் படித்திருப்போம். கப்பியின் எடையைக் கணக்கில் சேர்க்காதவரைதான் அது சரி.

2 கிலோ இரும்புத் தட்டு ஒன்றைக் கப்பியாக வைப்போம். அச்சில் உராய்வு இல்லை, கயிறும் வழுக்கவில்லை. ஒரு முனையில் 3 கிலோ, மறுமுனையில் 1 கிலோ. கையை விட்டதும் எடைகளோடு தட்டும் வேகமெடுத்துச் சுழல வேண்டும். இருபுறமும் ஒரே விசை இழுத்தால் இரண்டு திருப்பங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும், தட்டு அசையாது. ஆகவே கனமான பக்கம் கூடுதலாக இழுத்தே ஆகவேண்டும்.

எவ்வளவு கூடுதல்? தட்டின் நடுப்பகுதி விளிம்பைவிட மெதுவாக நகர்வதால், தட்டு தன் எடையில் பாதி, அதாவது 1 கிலோ அளவுக்கே தடையாகிறது. ஆரம் எவ்வளவானாலும் இதுதான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், எடை வித்தியாசம் தரும் 20 நியூட்டன் மொத்தம் 5 கிலோவை இழுக்கிறது, முடுக்கம் 4. கனமான பக்க இழுவிசை 3×(10−4)=18 நியூட்டன்; மறுபக்கம் 1×(10+4)=14. மிஞ்சும் 4 நியூட்டன்தான் தட்டைச் சுழற்றுகிறது. எடையற்ற கப்பியானால் இருபுறமும் 15, முடுக்கம் 5.

இந்த வித்தியாசத்தைத் தட்டுக்குக் கடத்துவது கயிற்றின் உராய்வு. விளிம்பில் எண்ணெய் பட்டால் கயிறு வழுக்கும், கணக்கு பிசகும். கயிற்றிலும் விளிம்பிலும் ஒரே இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள்: கோடுகள் விலகிப்போனால் வழுக்கல்தான்.