வரைபடத்திலிருந்து அளவெடுத்துக் கட்டுமான அளவுகளைக் கணித்தல்

ஒரு கட்டடத்தின் வரைபடத்தில் உள்ள நீளங்களையும் பரப்புகளையும் எடுத்து, அவற்றிலிருந்து மண் தோண்டும் அளவு, செங்கல் கட்டு, பூச்சு போன்ற வேலைகளின் அளவைக் கணிப்பது அளவெடுப்பு எனப்படுகிறது. மதிப்பீடு தயாரிப்பதில் முதல் வேலை இதுவே. கணக்கு பள்ளிப் பாடத்துக்கு மேல் போவதில்லை. பிழை நேரும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: தாளின் அளவுத்திட்டம், சுவர்கள் சந்திக்கும் மூலைகள், கதவு சன்னல்களுக்கான கழிவுகள். ஒரு சிறிய இரண்டறை வீட்டை எடுத்துக்கொண்டு இம்மூன்றையும் பார்க்கலாம்.

தாளைச் சோதித்தல்

1:100 என்ற அளவுத்திட்டத்தில் தாளில் உள்ள 1 செ.மீ. தரையில் 1 மீட்டர். வீட்டுத் தரைப்படங்கள் பெரும்பாலும் இந்த அளவிலோ 1:50 அளவிலோ வரையப்படுகின்றன. ஆனால் தாளின் மூலையில் 1:100 என்று எழுதியிருப்பது, கையில் உள்ள தாளும் அதே அளவில் இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. ஏ3 தாளுக்காக வரைந்த படம் நகலெடுக்கும் கடையில் ஏ4 ஆகச் சுருங்கியிருக்கலாம். கணினியிலிருந்து அச்சிடும்போது `Actual size` என்பதற்குப் பதிலாக `Fit` தெரிவாகியிருக்கலாம். எழுத்து மாறுவதில்லை, கோடுதான் சுருங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அளவு எழுதப்பட்ட ஒரு கோட்டை அளவுகோலால் அளக்க வேண்டும். 4.00 மீ. என்று எழுதிய கோடு 1:100 தாளில் 40 மி.மீ. இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 28.3 மி.மீ. இருந்தால் தாள் ஏ3-இலிருந்து ஏ4-க்குச் சுருங்கியிருக்கிறது. 4000-ஐ 28.3-ஆல் வகுத்தால் 141 வருகிறது. ஆகவே கையில் உள்ளது 1:141 அளவுப் படம்.

இந்தச் சுருக்கம் நீளத்தை விடப் பரப்பில் அதிகமாகத் தெரியும். நீளம் 0.707 மடங்கானால் பரப்பு அதன் வர்க்கமாக, அதாவது சரிபாதியாகக் குறைகிறது. 14 ச.மீ. அறை 7 ச.மீ. ஆகத் தோன்றும். மாணவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். 1:50 படத்தில் 1 செ.மீ. என்பது அரை மீட்டர் என்று சரியாகச் சொல்லிவிட்டு, 1 சதுர செ.மீ. என்பதை அரை ச.மீ. என்று எழுதிவிடுவார்கள். அது 0.5 × 0.5 = 0.25 ச.மீ. மட்டுமே.

சோதனைக்கு எடுக்கும் கோடு நீளமாக இருக்க வேண்டும். 1 மீட்டர் கதவு தாளில் 10 மி.மீ. தான். அதில் அரை மி.மீ. தவறாகப் படித்தால் 5 விழுக்காடு பிழை, பரப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடு. வீட்டின் முழு நீளத்தை எடுத்தால் அதே அரை மி.மீ. ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. பி.டி.எஃப். படத்தில் திரையிலேயே அளக்கும் மென்பொருள்களில் அளவைப் பொருத்தும்போதும் இதே விதிதான். குறுக்கிலும் நெடுக்கிலும் ஒவ்வொரு கோட்டைச் சோதிப்பது நல்லது. சில நகல்கள் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கும்.

இத்தனை சோதித்த பின்னும், அளவு எழுதியிருக்கும் இடத்தில் அளவுகோலை வைக்கக் கூடாது. எழுதிய எண்ணே செல்லும். 1:100 படத்தில் ஒரு கோட்டின் தடிமனே தரையில் 3 முதல் 5 செ.மீ. வரை ஆகிவிடும். அளந்து எடுப்பது, எழுதாமல் விட்ட அளவுகளுக்கு மட்டும். அப்படி எடுத்ததை அளவுத்தாளில் தனியே குறித்து வைத்தால், பிறகு பொறியாளரிடம் கேட்டு உறுதிசெய்யலாம்.

மூலைகளும் மையக்கோடும்

நம் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். உள்ளளவு ஒன்று 4.00 × 3.50 மீ., மற்றது 3.00 × 3.50 மீ. எல்லாச் சுவர்களும் 0.23 மீ. கனம், உயரம் 3.00 மீ. நடுவில் ஒரு பொதுச்சுவர்.

சுவர்களின் மொத்த நீளம் என்ன? வெளிச்சுற்றை அளந்து நடுச்சுவரைக் கூட்டுவதுதான் முதலில் தோன்றும் வழி. வெளி நீளம் 7.69, அகலம் 3.96. சுற்றளவு 23.30. நடுச்சுவர் 3.50 சேர்த்தால் 26.80 மீ. இது தவறு. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு சதுரத் துண்டு இரண்டு சுவர்களுக்கும் சேர்த்து இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது.

இதைத் தவிர்க்கப் பயன்படுவது மையக்கோட்டு முறை. ஒவ்வொரு சுவரின் கனத்துக்கு நடுவே ஒரு கோடு ஓடுவதாகக் கொண்டு அந்தக் கோட்டின் நீளத்தை எடுக்கிறோம். நீளச்சுவர் ஒன்று 0.115 + 4.00 + 0.23 + 3.00 + 0.115 = 7.46 மீ. அப்படி இரண்டு, 14.92 மீ. குறுக்குச்சுவர் ஒன்று 3.50 + 0.23 = 3.73 மீ. அப்படி மூன்று, 11.19 மீ. மொத்தம் 26.11 மீ.

மூலையில் இது ஏன் சரியாக வருகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் விளங்கும். இரு சுவர்களும் மூலையின் நடுப்புள்ளி வரை வந்து நிற்கின்றன. உள்பக்கத்தில் ஒரு கால்துண்டு இரண்டு முறை எண்ணப்படுகிறது, வெளிப்பக்கத்தில் அதே அளவுள்ள கால்துண்டு ஒன்று விடுபடுகிறது. இரண்டும் ஈடாகிவிடுகின்றன. ஆனால் நடுச்சுவர் நீளச்சுவரில் வந்து முட்டும் இடத்தில் அப்படி ஈடாவதில்லை. அங்கே நடுச்சுவரின் முனை, நீளச்சுவருக்குள் பாதிக் கனம் நுழைந்து நிற்கிறது. ஆகவே இத்தகைய ஒவ்வொரு முட்டுச் சந்திப்புக்கும் பாதி அகலத்தைக் கழிக்க வேண்டும். நம் வீட்டில் அவை இரண்டு.

சுவருக்கு: 26.11 − (2 × 0.115) = 25.88 மீ.

வெளிச்சுற்று வழியில் வந்த 26.80-க்கும் இதற்கும் வேறுபாடு 0.92 மீ. அதாவது நான்கு மூலைகள், தலா 0.23. உயரத்தோடு பெருக்கினால் 0.63 கன மீட்டர் கூடுதல் கட்டு, ஏறத்தாழ 275 செங்கற்கள்.

கழிக்க வேண்டிய பாதி அகலம் சுவருடையது மட்டும் அல்ல, எந்த வேலையைக் கணிக்கிறோமோ அந்த வேலையின் அகலம். அஸ்திவாரக் குழியின் அகலம் 0.90 மீ. என்றால் கழிவு 2 × 0.45. குழியின் நீளம் 26.11 − 0.90 = 25.21 மீ. ஆழம் 1.00 மீ. என்றால் 25.21 × 0.90 × 1.00 = 22.69 கன மீட்டர் மண். மையக்கோடு ஒன்றுதான், அதன் நீளமும் 26.11 தான். அகலம் மாறும்போது கழிவு மட்டும் மாறுகிறது. இந்த வசதிக்காகவே இம்முறை நிலைத்திருக்கிறது. ஆனால் வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் குழி அகலம் வேறுவேறாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கோடாகக் கூட்டக் கூடாது. ஒவ்வோர் அகலத்துக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

சரிபார்க்க வேறு வழியில் ஒருமுறை கணிக்கலாம். நீளச்சுவர்களை வெளியளவில் முழுதாகவும், குறுக்குச்சுவர்களை அவற்றுக்கு இடைப்பட்ட உள்ளளவிலும் எடுத்தால் (2 × 7.69) + (3 × 3.50) = 25.88. இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன. வராமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது முட்டுச் சந்திப்புகளின் எண்ணிக்கையை.

திறப்புகளுக்கான கழிவு

கட்டின் மொத்தக் கனஅளவு 25.88 × 0.23 × 3.00 = 17.86 கன மீட்டர். இதில் 1.00 × 2.10 மீ. கதவுகள் இரண்டும் 1.20 × 1.20 மீ. சன்னல்கள் மூன்றும் உள்ளன. திறப்புகளின் பரப்பு 8.52 ச.மீ., கனஅளவு 1.96. திறப்புக்கு மேலுள்ள லிண்டல் கான்கிரீட் என்பதால் அதையும் கட்டிலிருந்து கழிக்க வேண்டும். லிண்டல் திறப்பின் அகலத்தோடு நிற்காது, இருபுறமும் சுவரில் தாங்கும். தலா 0.15 மீ. தாங்கல், 0.15 மீ. உயரம் என்று கொண்டால் ஐந்து லிண்டல்களின் மொத்த நீளம் 7.10 மீ., கனஅளவு 0.245. எஞ்சும் கட்டு 15.65 கன மீட்டர்.

பூச்சு வேலையில் கழிவு வேறு மாதிரி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1200 தொகுதியில் கட்டட வேலைகளை அளக்கும் விதிகள் உள்ளன. அதன்படி பூச்சில் 0.5 ச.மீ. வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. 0.5-க்கு மேல் 3 ச.மீ. வரை, இரு முகமும் ஒரே வகைப் பூச்சாக இருந்தால் ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்கிறார்கள். கழிக்காமல் விட்ட மறுமுகம், திறப்பின் ஓரங்களில் பூசும் வேலைக்கு ஈடு. அந்த ஓரங்களைத் தனியே அளந்து கூட்டுவதில்லை. 3 ச.மீ.-க்கு மேற்பட்டால் இரு முகமும் கழியும், ஓரங்கள் தனியே கூடும்.

நம் வீட்டின் திறப்புகள் எல்லாம் நடுப் பிரிவில் வருகின்றன. உள்பூச்சு, அறைகளின் சுற்றளவு 15.00 + 13.00 மீ. × 3.00 = 84.00 ச.மீ. வெளிப்பூச்சு 23.30 × 3.00 = 69.90. இங்கே வெளிச்சுற்று சரியே, ஏனெனில் பூசுவது மேற்பரப்பை. இரண்டும் ஒரே வகைப் பூச்சு என்று கொண்டு 8.52-ஐ ஒரு முறை கழித்தால் 145.38 ச.மீ. இரு முகத்துக்கும் கழித்த ஒப்பந்தக்காரர் 8.52 ச.மீ. கூலியைத் தானாகவே விட்டுக்கொடுக்கிறார்.

படம் காட்டாத அளவு

தரைப்படம் கிடைமட்டத்தை மட்டுமே காட்டும். ஓட்டுக் கூரை 30 பாகை சரிந்திருந்தால், படத்தில் 100 ச.மீ. ஆகத் தெரிவது உண்மையில் 100 ÷ 0.866 = 115.5 ச.மீ. ஓட்டை இந்த அளவுக்கே வாங்க வேண்டும். சரிவை வெட்டுமுகப் படத்தில்தான் பார்க்க முடியும்.

கடைசியாக, எடுத்த அளவு வேறு, வாங்கும் அளவு வேறு. 230 × 110 × 70 மி.மீ. செங்கல்லை 10 மி.மீ. சாந்தோடு கட்டினால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 434 கற்கள். 15.65 கன மீட்டருக்கு 6,792. உடைவுக்கு 5 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 7,130. இந்த 5 விழுக்காட்டைக் கட்டின் கனஅளவிலேயே சேர்த்து எழுதிவிடும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் கொத்தனாருக்குக் கட்டாத கட்டுக்கும் கூலி போகும், சிமெண்டும் மணலும் அதே விகிதத்தில் ஏறும். குழியிலிருந்து வெட்டிய 22.69 கன மீட்டர் மண்ணும் இப்படியே. வெட்டுக்கூலி குழியின் அளவுக்கு. லாரியில் ஏற்றும்போது மண் உதிர்ந்து பெருத்திருப்பதால் நடைகளின் கணக்கை அந்தப் பெருத்த அளவுக்குப் போட வேண்டும்.