எச்சமே காட்டாத புள்ளி

ஒரு நாற்றின் உயரம் முதல் வாரம் 2 சென்டிமீட்டர், இரண்டாம் வாரம் 3, மூன்றாம் வாரம் 7 என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தாளில் இந்த மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமையவில்லை. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருகிறதோ அதையே எடுத்துக்கொள்வது மீச்சிறு வர்க்க முறை. பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805-இல் வால்மீன் பாதைகளைப் பற்றிய நூலொன்றின் பின்னிணைப்பில் இதை வெளியிட்டார். நாற்றுக்கு இம்முறை தரும் உயரங்கள் 1.5, 4, 6.5.

இதையே வேறொரு படமாகப் பார்க்கலாம். மூன்று அளவீடுகளை மூன்று புள்ளிகளாகக் குறிக்காமல், (2, 3, 7) என்று முப்பரிமாண வெளியில் ஒரே புள்ளியாகக் குறிப்போம். எந்த நேர்க்கோட்டை எடுத்தாலும் அது தரும் மூன்று உயரங்களும் (1, 1, 1), (1, 2, 3) என்ற இரண்டு திசையன்களை ஏதேனும் எண்களால் பெருக்கிக் கூட்டியதாகவே இருக்கும். அப்படிக் கிடைக்கக்கூடிய எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஒரு தளம். அந்த இரு திசையன்களும் X என்ற அணியின் நிரல்கள் என்பதால் அத்தளத்துக்கு நிரல் வெளி என்று பெயர். நம் (2, 3, 7) அந்தத் தளத்தில் இல்லை, அதற்கு வெளியே நிற்கிறது.

பிழைகளின் வர்க்கக் கூட்டல் என்பது, பிதாகரஸ் தேற்றப்படி, அந்தப் புள்ளிக்கும் தளத்தில் உள்ள ஒரு புள்ளிக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கமேதான். ஆக, மிகச் சிறந்த கோட்டைத் தேடுவது தளத்தில் மிக அருகிலுள்ள இடத்தைத் தேடுவதாகிவிடுகிறது. தொங்கும் பல்புக்குத் தரையில் மிக அருகிலுள்ள இடம் அதற்கு நேர்கீழே இருப்பதுபோல, இங்கும் செங்குத்து இறங்கும் இடமே விடை. அந்த இடம் (1.5, 4, 6.5). மிஞ்சும் எச்சங்கள் 0.5, −1, 0.5. செங்குத்துதானா என்று சரிபார்ப்பது எளிது: எச்சங்களை அப்படியே கூட்டினால் 0. முறையே 1, 2, 3 ஆல் பெருக்கிக் கூட்டினாலும் 0.

புள்ளி எங்கே இருந்தாலும் அதைத் தளத்தில் வீழ்த்தும் வேலையை ஒரே அணி செய்துவிடுகிறது:

H = X(XᵀX)⁻¹Xᵀ

y என்ற அளவீடுகளை H ஆல் பெருக்கினால், தலைமேல் தொப்பிக் குறியிட்டு எழுதப்படும் ŷ கிடைக்கிறது. அதனால் இதற்குத் தொப்பி அணி என்று பெயர். தளத்துக்கு வந்துவிட்ட புள்ளியை மறுபடி வீழ்த்தினால் அது நகராது. HH = H என்பதன் பொருள் அவ்வளவே. நம் நாற்றுக்கு H-இன் முதல் வரிசை 5/6, 2/6, −1/6. அதாவது முதல் வாரத்துக்குக் கோடு தரும் உயரத்தில் அந்த வாரத்து அளவீட்டின் பங்கே 5/6. மூலைவிட்டத்தில் வரும் இத்தகைய எண்களை நெம்புத்திறன் எனலாம். ஒவ்வொன்றும் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும், எல்லாம் சேர்ந்தால் நிரல்களின் எண்ணிக்கை வரும். இங்கே 5/6 + 2/6 + 5/6 = 2.

இந்த எண்கள் X-ஐ மட்டுமே சார்ந்தவை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அளவீடு என்னவாக வந்தாலும், கோட்டை இழுக்கும் பலம் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை பிரான்சிஸ் அன்ஸ்கம் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளில் கடைசித் தொகுப்பு காட்டுகிறது. 11 அளவீடுகளில் பத்துக்கு x = 8. ஒன்றுக்கு மட்டும் x = 19, அதன் y = 12.50. கணக்கிட்டால் பத்துக்கும் நெம்புத்திறன் தலா 0.1, தனித்து நிற்பதற்கு முழுதாக 1. கோடு அந்தப் புள்ளி வழியாகவே போயாக வேண்டும். அது 12.50 இல்லாமல் 2.50 என்று தவறாகப் பதிவாகியிருந்தால், மேலேறும் கோடு கீழிறங்கும் கோடாக மாறிவிடும். அப்போதும் அந்தப் புள்ளியின் எச்சம் 0.

பெரிய எச்சம் உள்ள புள்ளியைத்தான் பலரும் சந்தேகிக்கிறார்கள். அதே நால்வரிசையின் மூன்றாம் தொகுப்பில் அது பலிக்கும்: x = 13-இல் உள்ள விலகிய புள்ளிக்கு நெம்புத்திறன் 0.24 மட்டுமே, எச்சமோ 3.24. நான்காம் தொகுப்பில் எச்சங்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. H-இன் மூலைவிட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். டேவிட் ஹோக்ளினும் ராய் வெல்ஷும் 1978-இல் சொன்ன எளிய வரம்பு, நிரல்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கி அளவீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இங்கே அது 4/11, ஏறக்குறைய 0.36. ஆர் மொழியில் `hatvalues()` என்ற கட்டளை இந்த எண்களைத் தந்துவிடும்.

நெம்புத்திறன் மிகுந்த புள்ளி தவறானது என்று பொருளில்லை, அதைச் சரிபார்க்க அத்தரவுக்குள் வேறு சாட்சி இல்லை என்பதே பொருள். நீக்கிவிடுவதும் வழியாகாது: மிஞ்சும் பத்தும் x = 8-இலேயே இருப்பதால் கோட்டின் சாய்வைக் கணிக்கவே முடியாது. x = 19-இல் இன்னும் ஒரு முறை அளந்தால் இரண்டுக்கும் தலா 0.5 ஆகக் குறையும். கோடு அவ்விரண்டின் சராசரி வழியே செல்லும், இரண்டும் முரண்பட்டால் அது எச்சங்களில் தெரியவரும்.