தீவன மூட்டையில் மூன்று எண்கள்

தீவனக் கடையில் நாம் முதலில் கேட்பது மூட்டை விலையைத்தான். 50 கிலோ மூட்டை ஒன்று 1,500 ரூபாய், இன்னொன்று 1,300 ரூபாய் என்றால் கை தானாகவே 1,300 பக்கம் போகும். எது மலிவு என்பதைச் சாக்கில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

புரதத்துக்கு எதிரே ‘குறைந்தபட்சம்’ என்றும், நார்ச்சத்துக்கும் ஈரப்பதத்துக்கும் எதிரே ‘அதிகபட்சம்’ என்றும் போட்டிருப்பார்கள். புரதம் 20 என்றால் அதற்குக் கீழே போகாது என்று கம்பெனி உறுதி சொல்கிறது. நார் 10 என்றால் அதற்கு மேல் போகாது.

நாளுக்கு 10 லிட்டர் கறக்கும், 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடம்பைப் பராமரிக்க அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 320 கிராம் புரதம் வேண்டும். நான்கு சதவீதக் கொழுப்புள்ள பால் ஒவ்வொரு லிட்டருக்கும் 90 கிராம் வீதம் 900 கிராம். மொத்தம் 1,220 கிராம்.

இதில் கம்பு நேப்பியர் புல்லும் வைக்கோலும் எவ்வளவு தருகின்றன என்று பார்க்கும்போது ஈரப்பதம் குறுக்கே வருகிறது. நேப்பியரில் பத்து சதவீதம் புரதம் என்று சொல்வது காய்ந்த எடைக்கான கணக்கு. அறுத்துப் போடும் பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆக ஒரு கிலோவில் கிடைப்பது 20 கிராம் புரதம்தான். மூட்டைத் தீவனத்தில் ஈரம் 11 சதவீதத்துக்குள் இருக்கும். அச்சிட்ட புரதம் அந்த ஈரத்தோடு சேர்த்துச் சொன்னதாக இருந்தால், கிலோவுக்கு 200 கிராம் என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளித் திப்பியை ஈரமாக வாங்குகிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்போம்.

20 கிலோ பச்சைப் புல்லில் 400 கிராம், நான்கு கிலோ வைக்கோலில் ஏறத்தாழ 120 கிராம், ஆக 520 கிராம். மீதி 700 கிராமை மூட்டைதான் தர வேண்டும். 20 சதவீதப் புரதமுள்ள தீவனம் மூன்றரை கிலோ போதும். 16 சதவீதமென்றால் கிட்டத்தட்ட நாலே கால் கிலோவுக்கும் மேல் வைக்க வேண்டும். 1,500 ரூபாய் மூட்டை 20 சதவீதம் என்றும் 1,300 ரூபாய் மூட்டை 16 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், நாள் செலவு முதலாவதில் 105 ரூபாய், இரண்டாவதில் 114 ரூபாய் வரும். விலைகள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு, மூட்டையிலுள்ள புரத எடையால் வகுத்துப் பாருங்கள்.

புரத எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கித்தான் இந்த எண்ணைப் போடுகிறார்கள். தீவனத்தில் ஒரு சதவீதம் யூரியா சேர்த்தால் புரத எண் கிட்டத்தட்ட 2.9 கூடிவிடும். வளர்ந்த மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அளவான யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும், அதற்கு மாவுச்சத்தும் சேர்ந்து கிடைக்க வேண்டும். சிறு கன்றுக்கு அந்த வசதி இன்னும் வந்திருக்காது. ஆகவே சாக்கில் யூரியா என்ற வரி இருந்தால் அந்த மூட்டையைக் கன்றுத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நார்ச்சத்து எண் உயர உயர, உமியும் தோலும் அதிகம், எரிசக்தி குறைவு என்று பொருள். பல மூட்டைகளில் எரிசக்தி அச்சிடப்படுவதில்லை. அதைக் கணிக்க நம்மிடம் இருக்கும் வழி இதுதான். ஒரே புரதமுள்ள இரண்டு தீவனங்களில் நார் குறைந்ததை எடுப்பது நல்லது. ஆனால் மாடு அசைபோடத் தேவையான நீண்ட நார் மூட்டையில் கிடைக்காது. வைக்கோலையும் தட்டையையும் குறைத்துவிட்டுத் தீவனத்தைக் கூட்டினால் வயிற்றில் அமிலம் ஏறும், சாணி இளகும், படுத்திருக்கும் மாடு அசைபோடுவது குறையும், சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கும்.

ஈரப்பத எண் ஆலையை விட்டு வந்த நாளின் நிலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிமெண்ட் தரையில் சுவரோரம் அடுக்கிய மூட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குச்சித் தீவனம் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, மக்கிய வாடை அடித்தாலோ பூஞ்சை பிடித்திருக்கிறது. அதன் அஃப்ளடாக்சின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். கெட்ட பகுதியை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை வைப்பது பாதுகாப்பில்லை, ஏனெனில் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கலாம். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

கணக்குப் போட்டு வேறு மூட்டைக்கு மாறுவதென்றால், பழைய தீவனத்தில் கால் பங்கை மட்டும் புதியதாக மாற்றித் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் மாறுங்கள்.