ஐந்தாவது இடத்தில் ஓவா, பூஜ்யமா?

கல்லூரி உதவித்தொகைக்காக ஒரு மாணவி கைபேசியில் விண்ணப்பம் நிரப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அம்மாவின் வங்கிப் பாஸ்புக். அதைப் பார்த்து ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை `ABCDO123456` என்று தட்டுகிறாள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் ஒரு வரி. எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லவில்லை. மேலே போய்ப் பார்த்தால், நிரப்பிய கட்டங்கள் எல்லாம் காலி.

அவள் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். அந்தக் குறியீட்டில் மொத்தம் 11 எழுத்துகள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில் வரும் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். மங்கலான அச்சில் அது ஆங்கில ஓ எழுத்து போலவே தெரியும். ஐந்தாவது இடத்தில் ஓ வந்தால் அது பூஜ்யம்தான் என்பதில் சந்தேகமே இல்லை; படிவமே மாற்றிக்கொள்ளலாம். சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதும் இடைவெளியை நீக்குவதும் அப்படித்தான். ஆனால் கடைசி ஆறில் எழுத்தும் வரலாம், எண்ணும் வரலாம். அங்கே ஊகித்துத் திருத்தக் கூடாது. இந்தக் கட்டத்துக்கு எண் விசைப்பலகை மட்டும் கொடுப்பதும் அதனாலேயே தவறு.

ஆதார் கட்டத்துக்கோ எண் விசைப்பலகைதான் வேண்டும். நிரலில் `inputmode="numeric"` என்று எழுதினால் பெரிய எண் விசைகள் வந்துவிடும். `type="number"` என்பது அளவுகளுக்கானது. கணக்கு எண்ணுக்கு அதைப் போட்டு, முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தொலைத்த படிவங்கள் உண்டு. அட்டையில் நான்கு நான்காகப் பிரித்து அச்சிட்டிருப்பதால் மக்கள் இடைவெளி விட்டே தட்டுவார்கள். அதை ஏற்றுக்கொள்வதுதான் முறை. 12-வது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கைபேசியே கண்டுபிடித்துவிடும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். மூன்றாவது இலக்கத்தைத் தட்டும்போதே ‘எண் தவறு’ என்று மிரட்டினால் யாருக்கும் கை நடுங்கும். தட்டி முடித்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது சொல்ல வேண்டும்; திருத்திய கணமே சிவப்பு மறைய வேண்டும். ‘12 இலக்கம் வேண்டும், 11 தான் இருக்கிறது’ என்று அந்தக் கட்டத்தின் கீழேயே எழுதினால் போதும்.

கைபேசி எண்ணை அவள் தட்டவே தேவையில்லை. `autocomplete="tel-national"` என்று குறித்திருந்தால், கைபேசியில் சேமித்துள்ள எண்ணை +91 இல்லாமல் உலாவி நிரப்பித் தரும். பத்து எழுத்துக்கு மேல் ஏற்காத கட்டத்தில் +91 உடன் எண்ணை ஒட்டினால் கடைசி மூன்று இலக்கம் வெட்டுப்பட்டுப் போகும்.

அமைப்பு சரியாக இருந்தாலும் குறியீடு வேறொரு கிளையுடையதாக இருக்கலாம். அதைத் தட்டியதும் வங்கி, கிளையின் பெயரைப் பல படிவங்கள் காட்டும். பாஸ்புக்கில் உள்ள கிளைதானா என்று பார்த்துவிட்டே கடைசிப் பொத்தானை அழுத்துங்கள்.